வெள்ளிப் பட்டறை உடல்நலம்: ஸ்கோப்பிங் ரிவ்யூவா, சிஸ்டமேட்டிக் ரிவ்யூவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு முடிவு செய்யும் மாதங்களில் முதுநிலை மாணவர்களும் நர்சிங் மாணவிகளும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்: கொலுசு செய்யும் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்களின் உடல்நலம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தொழில், ஆனால் அதைப் பற்றி என்னென்ன ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று கேட்டால் சட்டென்று யாராலும் சொல்ல முடியாத தலைப்பு.

"மேடம், ஸ்கோப்பிங் ரிவ்யூ, சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமா சொல்லுங்க."

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஒரு குறுகிய கேள்வியை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் ஆய்வுகளை எல்லாம் தரம் பார்த்து, அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. ஸ்கோப்பிங் ரிவ்யூ ஒரு தலைப்பில் யார், எங்கே, எதை, எப்படி ஆராய்ந்திருக்கிறார்கள், எது விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுகிறது.

"காட்மியம் கலந்த பொடியை வைத்துப் பற்றவைப்பவர்களுக்கு, மற்றவர்களைவிட சிறுநீரகப் பாதிப்பு அதிகமா?" என்பது சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கான கேள்வி. "நகைப் பட்டறைத் தொழிலாளர்களின் உடல்நலத்தில் இதுவரை என்னென்ன ஆராயப்பட்டிருக்கிறது?" என்பது ஸ்கோப்பிங் ரிவ்யூவுக்கான கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை', 'இவ்வளவு' என்று ஏதோ ஒரு விடை உண்டு. இரண்டாவதற்கு விடையாக வருவது ஒரு வரைபடம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்கோப்பிங் ரிவ்யூவிலும் தேடல் முறையாகத்தான் நடக்கும். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை வைத்துத் தேடினோம் என்பதை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதியாக வேண்டும்.

"என் தலைப்பு 'வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர் உடல்நலம்'. இதுக்கு எது பொருந்தும்?"

ஸ்கோப்பிங். ஏன் என்று தெரிய, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்குள் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஒரு மூலையில் வெள்ளியை உருக்குகிறார்கள். வெள்ளி உருக 960 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், அதனால் அந்த மூலையில் வெக்கை. இன்னொரு பக்கம் கம்பி இழுக்கிறார்கள், தோளுக்கும் முதுகுக்கும் வேலை. அடுத்தவர் தரையில் சம்மணம் போட்டு, கழுத்தைக் குனிந்து, சின்ன வளையங்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறார், கண்ணுக்கும் கழுத்துக்கும் வேலை. அவர் பக்கத்தில் ஒருவர் இணைப்பில் பொடி வைத்துத் தீயால் பற்றவைக்கிறார். அந்தப் பொடியில் காட்மியம் இருந்தால் புகையில் அது வெளியே வரும். பொடி குறைந்த சூட்டிலேயே உருகட்டும் என்றுதான் காட்மியத்தைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடும், தீ நேராகப் பட்டால் ஆவியாகிவிடும். கடைசியில் திராவகம். நைட்ரிக் அமிலம் வெள்ளியில் பட்டால் செம்பழுப்பு நிறத்தில் புகை எழும், அது நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலைத் தாக்குவது.

இத்தனையும் ஒரே அறையில் நடக்கிறது. ஆனால் ஆராய்ச்சி உலகில் இவை ஒரே இடத்தில் இல்லை. காட்மியத்தைப் பற்றிய கட்டுரை நச்சியல் இதழில் இருக்கும். கழுத்துவலி எர்கோனாமிக்ஸ் இதழில், கண் கண்மருத்துவ இதழில் இருக்கும். வெள்ளித் துகள் உடலில் சேர்ந்து தோல் நீலச்சாம்பல் நிறமாக மாறும் ஆர்ஜிரியா தோல்நோய் இதழில், அதுவும் பெரும்பாலும் ஒற்றை நோயாளி அறிக்கையாக இருக்கும். கூலி, கடன், வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பதால் பிள்ளைகள் மேல் படும் புகை, இவையெல்லாம் பொருளியல் அல்லது சமூகவியல் துறையின் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக ஒளிந்திருக்கலாம்.

இப்போது இந்தத் தலைப்பை, சிஸ்டமேட்டிக் ரிவ்யூவின் கேள்வியை அமைக்கும் பிகோ சட்டகத்தில் போட்டுப் பாருங்கள். யார்? பட்டறைத் தொழிலாளர். சரி. எதற்கு ஆட்பட்டார்கள்? அதற்கே ஐந்து பதில் வருகிறது. யாரோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு ஆட்படலுக்கும் வேறு வேறு ஆள். என்ன விளைவு? சிறுநீரில் புரதமா, மூச்சு அளவா, பார்வையா, வலியா? ஒரு கட்டத்தில் ஒரு சொல் எழுத வேண்டிய இடத்தில் பத்தி பத்தியாக எழுத வேண்டி வந்தால், அந்தத் தலைப்பு இன்னும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்குத் தயாராகவில்லை.

ஸ்கோப்பிங்கில் பயன்படுத்தும் சட்டகம் பி.சி.சி. யார், எந்தக் கருத்து, எந்தச் சூழல் என்று மூன்றே கட்டம். யார்: வெள்ளி, தங்க நகை செய்யும் கைத்தொழிலாளர். கருத்து: வேலையால் வரும் உடல்நலப் பாதிப்புகளும் அவற்றுக்கான காரணங்களும். சூழல்: சிறு பட்டறைகளும் வீட்டுப் பட்டறைகளும். மூன்றும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒப்பீடும் விளைவும் இல்லாதது இங்கே குறையல்ல. விளைவுகள் என்னென்ன என்று கண்டுபிடிப்பதுதானே நம் வேலை.

"முடிவு பண்றதுக்கு முன்னாடி ஏதாச்சும் சோதிச்சுப் பாக்கலாமா?"

கட்டாயம் பார்க்க வேண்டும். இதை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான். முதலில் அதே தலைப்பில் யாராவது ஏற்கெனவே ரிவ்யூ எழுதியிருக்கிறார்களா, எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட், ரிவ்யூ முறைகளை வகுக்கும் ஜே.பி.ஐ. அமைப்பின் இதழ், ரிவ்யூ திட்டங்களைப் பதிவு செய்யும் ப்ரோஸ்பெரோ, ஆய்வுத் திட்டங்களை ஏற்றி வைக்கும் ஓ.எஸ்.எஃப். தளம், நான்கிலும் பார்க்க வேண்டும். அப்புறம் பப்மெட்டில் இப்படி ஒரு சோதனைத் தேடல்:

```
(silversmith*[tiab] OR goldsmith*[tiab] OR jewel*[tiab])
AND (worker*[tiab] OR artisan*[tiab]
OR "Occupational Exposure"[Mesh]
OR "Occupational Diseases"[Mesh])
```

இதில் silver என்ற சொல்லைத் தனியாகப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். போட்டால் பல்லில் பூசும் வெள்ளி மருந்து, நானோ துகள், நுண்ணோக்கிச் சாயம் என்று சம்பந்தமில்லாத கட்டுரைகள் வெள்ளமாக வந்துவிடும். jewel* என்று நட்சத்திரக்குறி போட்டதால் ஆங்கிலத்தில் நகையை எழுதும் இரண்டு விதமும் அகப்படும், கூடவே அந்தப் பெயர் கொண்ட குளவியும் வண்டும் உள்ளே வரும். worker என்பது எறும்பு, தேனீ ஆய்வுகளிலும் உள்ள சொல் என்பதால் பூச்சியியல் கட்டுரைகள் சில நிச்சயம் தலை காட்டும். பயப்பட வேண்டாம், தலைப்பைப் பார்த்தாலே தள்ளிவிடலாம்.

வந்தவற்றில் தொடர்புள்ள முதல் 40, 50 கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்து, ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: யாரை ஆராய்ந்தார்கள், எந்த ஆபத்தைப் பார்த்தார்கள், எதை அளந்தார்கள், எந்த வகை ஆய்வு. பிறகு நோட்டை மேலிருந்து கீழாகப் படியுங்கள். மூன்றாவது பத்தியில், அதாவது அளந்தது என்ன என்ற இடத்தில், வரிக்கு வரி வேறு வேறாக வந்தால் ஸ்கோப்பிங். ஒரே அளவு, ஒரே மாதிரி ஆய்வு, திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தலைப்பு நீங்கள் நினைத்த அளவுக்குச் சிதறியதல்ல, அதில் ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஒளிந்திருக்கிறது.

இரண்டும் கலந்தும் வரலாம். காட்மியத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும் ஒரே மாதிரி ஆய்வுகள் கொத்தாக இருந்து, மீதி எல்லாம் சிதறிக் கிடந்தால், உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரர்களிடம் "இந்தப் பொடியை மாற்றுங்கள்" என்று சொல்ல ஆதாரம் வேண்டுமானால் அந்தக் கொத்தை மட்டும் எடுத்து சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்யுங்கள். அடுத்த சில வருடங்களுக்கு எதை ஆராய்வது என்று தெரிய வேண்டுமானால் முழுத் தலைப்பையும் எடுத்து ஸ்கோப்பிங் செய்யுங்கள்.

"ஸ்கோப்பிங்னா ஈசி, சீக்கிரம் முடிஞ்சிடும்னு சீனியர்ஸ் சொல்றாங்களே?"

தப்பான தகவல். தலைப்பு அகலமாக இருப்பதால், எது வேண்டும் எது வேண்டாம் என்று சலிக்க வேண்டிய கட்டுரைகள் அதிகம்.

ஒரு கணக்குக்கு, தேடலில் இரட்டிப்புகளை நீக்கிய பிறகு 2,400 கட்டுரைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலைப்பையும் சுருக்கத்தையும் பார்க்க அரை நிமிடம் என்றால் 20 மணி நேரம். இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஆக 40 மணி நேரம். அதில் 150 முழுக் கட்டுரைகளுக்குப் போனால், ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலும் ஆளுக்கு 37 மணி நேரத்துக்கு மேல். கடைசியில் தேறிய 60 கட்டுரைகளிலிருந்து தகவலை எடுத்து எழுத, ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் வீதம் 45 மணி நேரம். வார்டு வேலைக்கும் இரவுப் பணிக்கும் நடுவில் இதைப் பிரித்துப் பாருங்கள், மாதக்கணக்கு.

ஸ்கோப்பிங்கில் மிச்சமாகும் நேரம், தர மதிப்பீட்டிலும் எண்களைச் சேர்த்து மெட்டா அனாலிசிஸ் செய்வதிலும் போயிருக்கக்கூடிய நேரம் மட்டும்தான். அதைச் சலிப்பது தின்றுவிடுகிறது. உங்களுக்கு நேரம்தான் பிரச்சினை என்றால், குறுகிய கேள்விக்கு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்வது சில சமயம் சீக்கிரம் முடியும்.

"ரெண்டு பேர் சலிக்கணும்னா, கூட ஒரு பிஜியை வெச்சுக்கிட்டா போதுமா?"

போதும், ஆனால் நேராகத் தொடங்காதீர்கள். வழிகாட்டி நூல் வெளியிடும் ஜே.பி.ஐ. சொல்லும் முறை நன்றாக இருக்கிறது. குலுக்கி எடுத்த 25 தலைப்புகளை இருவரும் தனித்தனியாகப் பார்ப்பது, பிறகு ஒப்பிடுவது. நான்கில் மூன்று பங்காவது ஒத்துப்போனால், அதாவது 25-ல் 19, மீதியைத் தொடங்கலாம். ஒத்துப்போகாவிட்டால் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம், ஆளைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தலைப்பில் மோதல் வரும் இடங்களை இப்போதே சொல்லிவிடலாம். நகைக்கடை விற்பனையாளர் தொழிலாளரா? வைரம் பட்டை தீட்டுபவரைச் சேர்ப்பதா? பெரிய ஆலையில் இயந்திரத்தில் வெள்ளி சுத்திகரிப்பவர்? சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் காரணத்தோடு எழுதி வைத்துவிட்டு அதே கோட்டில் நிற்க வேண்டும். நான் வைரத்தை விட்டுவிடுவேன். உருக்குவதும் பற்றவைப்பதும் இல்லாத பட்டறையின் ஆபத்துகள் வேறு.

"சார்ட்டிங்னு சொல்றாங்களே, அதுல என்ன எழுதணும்?"

தேறிய ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் ஒரே மாதிரித் தகவலை எடுத்து ஓர் அட்டவணையில் நிரப்புவதுதான் சார்ட்டிங். ஸ்கோப்பிங் ரிவ்யூவின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பலர் அவசரமாக முடிப்பதும் இதைத்தான்.

ஆசிரியர், ஆண்டு, நாடு, ஆய்வு வகை, எத்தனை பேர் என்பவை எல்லா அட்டவணையிலும் வரும். உங்கள் தலைப்புக்கே உரிய பத்திகளை யோசித்துப் போடுவதில்தான் வித்தியாசம். வெள்ளிப் பட்டறைக்கு நான் போடுவது: வேலையின் எந்தக் கட்டம் (உருக்குதல், கம்பி, கோத்தல், பற்றவைத்தல், திராவகம், மெருகு), எந்த ஆபத்து, உடலில் எதை எப்படி அளந்தார்கள், காற்றை அளந்தார்களா, பட்டறை வீட்டிலா தனியிடத்திலா, பெண்களும் வீட்டாரும் கணக்கில் வந்தார்களா.

அட்டவணையைப் போட்டதும் இரண்டு மூன்று கட்டுரைகளில் நிரப்பிப் பாருங்கள். ஒரு பத்தி எல்லாவற்றிலும் காலியாக வந்தால் உடனே அடித்துவிடாதீர்கள், அந்த வெறுமையே ஒரு கண்டுபிடிப்பாக இருக்கலாம். "காற்றை அளந்தார்களா" என்ற பத்தி கீழ்வரை "இல்லை" என்றே போனால், ஆட்களின் சிறுநீரையும் மூச்சையும் மட்டும் பார்த்துவிட்டு, அவர்கள் மூச்சு விடும் அறையை யாரும் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அந்தப் பத்தியை முதலிலேயே போட்டிருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்தத் தகவல் தேவை என்று நாற்பதாவது கட்டுரையில்தான் தோன்றினால் முதல் 39-க்கும் திரும்பப் போக வேண்டும். போகத்தான் வேண்டும், ஸ்கோப்பிங்கில் அட்டவணையை நடுவில் திருத்த அனுமதி உண்டு, ஆனால் திருத்தியதை மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

"ஆய்வுகளோட தரம் பாக்க வேண்டாமா? பாக்காம எப்படி நம்பறது?"

சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் தரம் பார்க்காமல் இருக்கவே முடியாது, ஏனென்றால் மோசமான ஆய்வைச் சேர்த்தால் விடையே தப்பாகிவிடும். ஸ்கோப்பிங்கில் பொதுவாகப் பார்ப்பதில்லை. ரிவ்யூவில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா பட்டியலுக்கு, ஸ்கோப்பிங் ரிவ்யூ எழுதுவதற்கான நீட்டிப்பு 2018-ல் வெளிவந்தது. அதன் பட்டியலில் 20 அம்சங்கள் கட்டாயம், 2 விருப்பம். அந்த இரண்டும் தர மதிப்பீடு பற்றியவை.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. தரம் பார்க்காததால் "காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கின்றன" என்று உங்கள் ஸ்கோப்பிங் ரிவ்யூவில் எழுத முடியாது. காட்மியத்தின் தீமை வேறு ஆதாரங்களால் உறுதியானது, புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை அதை முதல் தொகுதிப் புற்றுநோய்க் காரணியாக வைத்திருக்கிறது. ஆனால் அது உங்கள் ரிவ்யூவின் கண்டுபிடிப்பு அல்ல. நீங்கள் எழுதக்கூடியது, "சிறுநீரகத்தைப் பார்த்த ஆய்வுகள் இத்தனை, இவற்றில் ஒப்பீட்டுக் குழு வைத்தவை இத்தனை, சிறுநீரில் இந்த இந்தப் பொருளை அளந்தார்கள்" என்பதுதான்.

ஆய்வேடுகளைத் திருத்தும்போது நான் முதலில் புரட்டுவது கடைசி அத்தியாயத்தைத்தான். "எனவே தொழிலாளர்கள் முகமூடி அணிய வேண்டும்" என்று அங்கே ஒரு வரி இருக்கும். முகமூடி பலன் தருகிறதா என்று ஒரு ஆய்வும் சார்ட்டில் இருக்காது. முகமூடி அணிவது நல்லதுதான், ஆனால் அந்த ரிவ்யூ அதைக் காட்டவில்லை. எண்ணிக்கையைப் பலமாக நினைப்பதும் இதே தவறுதான். கழுத்துவலி பற்றிப் பல ஆய்வுகளும் கண்ணைப் பற்றிச் சிலவும் இருந்தால், கழுத்துவலிதான் பெரிய பிரச்சினை என்று அர்த்தமில்லை. கேள்வித்தாள் கொடுத்து வலியைக் கேட்பது எளிது, அதனால் அதிகம் பேர் கேட்டிருக்கலாம்.

"கைடு 'சிஸ்டமேட்டிக்னு போட்டாதான் மதிப்பு'ன்னு சொல்றாங்க. என்ன பண்றது?"

இதில் எனக்கே அடிபட்ட அனுபவம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு கல்லூரியில் இருந்தபோது, ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர் உடல்நலத்தை எடுத்தேன். மேலே இருந்தவர் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றே போட வேண்டும் என்றார், நானும் எதிர்த்துப் பேசவில்லை. கைகால் தோல் நோய், இரைச்சல், வறுக்கும் இடத்தின் வெக்கை, கழிவுநீரால் கிணறு கெட்டது என்று ஒவ்வொரு கட்டுரையும் ஒரு திசையில் போனது. தரம் பார்க்க ஒவ்வொரு ஆய்வு வகைக்கும் ஒவ்வொரு படிவம். எண்களைச் சேர்க்க வழியில்லை. முடிவில் "ஆய்வுகள் பலதரப்பட்டவை என்பதால் தொகுக்க இயலவில்லை" என்ற ஒரு வரிக்கு ஒரு வருடத்துக்கு மேல் போயிருந்தது. இதழும் திருப்பி அனுப்பியது. விமர்சகர் எழுதியிருந்தது நியாயமானது: கேள்வி அகலமானது, முறை குறுகியது.

அதனால் கைடிடம் வாதம் செய்ய வேண்டாம், அந்த நான்கு பத்தி நோட்டைக் காட்டுங்கள். "மேடம், 50 கட்டுரையில் இத்தனை விதமான விளைவு வருகிறது, எதை முதன்மை விளைவாக வைப்பது?" என்று கேளுங்கள். அவர் ஒன்றைத் தேர்ந்துகொடுத்தால் நல்லது, குறுகிய சிஸ்டமேட்டிக் ரிவ்யூ கிடைத்துவிட்டது. தேர முடியவில்லை என்றால் அவருக்கே புரியும். கூடவே, 2018-ல் மன் என்பவரும் உடன் எழுதியவர்களும் ஸ்கோப்பிங்கா சிஸ்டமேட்டிக்கா என்ற இதே கேள்வியை வைத்து, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். எந்தச் சூழலில் எது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அச்சடித்துக் கொண்டுபோங்கள்.

"ஸ்கோப்பிங்குக்கு எந்த முறையைப் பின்பற்றினோம்னு எழுதறது? எங்க பதிவு பண்றது?"

அடிப்படைச் சட்டகம் ஆர்க்ஸியும் ஓமாலியும் 2005-ல் எழுதியது, அதில் ஐந்து கட்டாயப் படிகளும் விருப்பமாக ஆறாவதும் உண்டு. 2010-ல் லெவாக் குழுவினர் அதைச் செம்மைப்படுத்தினார்கள். இப்போது செய்பவர்கள் பெரும்பாலும் ஜே.பி.ஐ. வழிகாட்டியைப் பின்பற்றி, பிரிஸ்மா நீட்டிப்பின்படி எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். பதிவுக்கு ப்ரோஸ்பெரோவுக்குப் போகாதீர்கள், அது ஸ்கோப்பிங் ரிவ்யூக்களை ஏற்பதில்லை. ஓ.எஸ்.எஃப். தளத்தில் திட்டத்தை ஏற்றி, தேதியுள்ள இணைப்பை வாங்கி வையுங்கள்.

"நான் ஏற்காடு. காபித் தோட்டத் தொழிலாளர் உடல்நலம்னு எடுத்தா, சேர்வராயன் மலையை மட்டும் வெச்சு ரிவ்யூ பண்ணலாமா?"

ரிவ்யூ ஆராய்வது கட்டுரைகளை, மலையை அல்ல. சூழல் என்ற கட்டத்தில் சேர்வராயன் மலையை மட்டும் எழுதினால் தேறும் கட்டுரைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் நின்றுவிடலாம். அதைவிட, சூழலை "சிறு, நடுத்தரக் காபித் தோட்டங்கள், எந்த நாடும்" என்று விரித்துவிட்டு, சார்ட்டில் நாடு, மாநிலம், மலை என்று ஒரு பத்தி போடுங்கள். பிரேசிலும் எத்தியோப்பியாவும் எதைப் பார்த்திருக்கின்றன, நம் மலையைப் பற்றி என்ன இல்லை என்று அந்தப் பத்தியே சொல்லிவிடும்.

உள்ளூர்த் தகவலுக்கு பப்மெட் போதாது. ஷோத்கங்காவில் ஆய்வேடுகளைத் தேடுங்கள், வணிகவியல், பொருளியல், சமூகப்பணித் துறைகளையும் விடாமல். இது கொலுசுக்கும் பொருந்தும். தலைப்பில் உடல்நலம் என்ற சொல் இல்லாத ஆய்வேட்டிலும் தொழிலாளர் நிலை என்ற அத்தியாயத்துக்குள் அது இருக்கக்கூடும், உள்ளடக்கப் பக்கத்தையாவது திறந்து பாருங்கள்.

"ரிவ்யூதானே, பட்டறைக்காரங்ககிட்ட எதுக்குப் போகணும்?"

மேலே சொன்ன ஆறாவது படி, தலைப்போடு தொடர்புள்ளவர்களிடம் கலந்தாலோசிப்பதுதான். ஆர்க்ஸி, ஓமாலி அதை விருப்பம் என்றார்கள். லெவாக் குழு அது கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. நான் லெவாக் பக்கம்.

ஒருமுறை ஒரு மாணவியின் சார்ட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். சார்ட்டில் உலோகமும் நுரையீரலும் நிறைந்திருந்தன. முப்பது வருடமாக வளையம் கோத்தவர் ஒருவரிடம் உடம்புக்கு என்ன பண்ணுது என்று கேட்டோம். "கண்ணுதாம்மா முதல்ல போவும். நாப்பது வயசுக்கு மேல ஊசிமுனை தெரியாது. வேகம் கொறைஞ்சா கூலி கொறையும். அப்புறம் மெருகுக்குத் தள்ளிடுவாங்க" என்றார். தூசி அதிகமுள்ள மெருகு வேலைக்கு, கண் போனவர்களை அனுப்புகிறார்கள். அதாவது வயதானவர்களுக்கு நுரையீரல் கெட்டிருந்தால் அதற்குப் பின்னால் கண் இருக்கலாம். சார்ட்டில் 'வேலை மாறியது' என்று ஒரு பத்தியே இல்லை. திரும்பி வந்து சேர்த்தோம்.

ஆனால் ஒன்று: அவர் சொன்னதை ஒரு ஆய்வின் முடிவு போல அட்டவணைக்குள் எழுதக் கூடாது. கலந்தாலோசனை என்று தனிப் பகுதியில் எழுத வேண்டும். பதிவு செய்து, மேற்கோள் காட்டி வெளியிடுவதாக இருந்தால் போவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

"பாதியில தப்பான முறைன்னு தெரிஞ்சா மாத்தலாமா?"

மாற்றலாம், சீக்கிரம் தெரிந்தால். சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் சேர்க்கும் விதியை மூன்றாம் முறை தளர்த்துகிறீர்கள், நாலாவது தரப் படிவத்தைத் தேடுகிறீர்கள் என்றால் நின்று யோசியுங்கள். தேடலும் சலித்ததும் வீணாகாது. விதியை விரித்து, பழைய தேடலில் விடுபட்ட சொற்களைச் சேர்த்து மீண்டும் ஓட்டி, ப்ரோஸ்பெரோ பதிவில் நிறுத்திவிட்டதாகக் குறித்துவிட்டு, புதுத் திட்டத்தை ஓ.எஸ்.எஃப்.-ல் ஏற்றுங்கள். எதிர்த்திசையில் போவது கடினம். ஸ்கோப்பிங் சார்ட்டில் எண்களைப் பார்த்துவிட்ட பிறகு "இதையே மெட்டா அனாலிசிஸ் ஆக்கிவிடலாம்" என்று தோன்றும். முடிவுகளைப் பார்த்த பிறகு கேள்வியை அமைப்பது, தெரிந்த விடைக்குக் கேள்வி எழுதுவது ஆகிவிடும். அதைத் தனி ரிவ்யூவாக, புதுத் திட்டம், புதுத் தேடல், தர மதிப்பீட்டோடு செய்யுங்கள். ஸ்கோப்பிங்கிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது என்பதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

"ஸ்கோப்பிங் முடிச்சாச்சு. அடுத்து எதை எடுக்கறது?"

சார்ட்டை ஆபத்து வாரியாகவும் அளந்தது வாரியாகவும் குறுக்கும் நெடுக்குமாக ஒரே தாளில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வுகளின் எண்ணிக்கையும், அவற்றில் ஒப்பீட்டுக் குழு உள்ளவை எத்தனை என்பதும் இருக்கட்டும். ஒப்பீட்டோடு பல ஆய்வுகள், ஒரே மாதிரி அளவு என்று ஒரு கட்டம் இருந்தால், உங்கள் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ அங்கே இருக்கிறது. கட்டம் காலியாக இருந்து, பட்டறையில் அந்த வேலையைத் தினமும் பார்க்கிறீர்கள் என்றால் அங்கே ரிவ்யூ வேண்டாம். நேராகப் போய் அளக்க வேண்டியதுதான். நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கும் சிறிய குழாய்கள் சட்டைக் காலரில் மாட்டிவிடும் அளவில் கிடைக்கின்றன. திராவகம் வைக்கும் நேரத்தில் ஒருவர் எவ்வளவு புகையை உள்ளே இழுக்கிறார் என்று ஒரு வாரத்தில் முதல் கணக்கு கிடைத்துவிடும்.